மழை பெய்தால் என்று எழுதிய அறிக்கை

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், வானொலிக்கு வானிலை எழுதுகிறேன் என்பேன். கேட்டவர் உடனே தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். இரண்டில் எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரியும்.

வடக்கனந்தல் பக்கம் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் சமுதாய வானொலி அது. ஒலிபரப்பு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். மலையடி ஊர்கள் வரை தெளிவாகக் கேட்கும். மலைமேல் ஏறினால் இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை இருக்கும், மூன்றாவதில் கரகரவென்று செத்துப்போகும். இந்த வகை வானொலிகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க விதி இடம் தராது. வானிலை சொல்லலாம். எனவே ஊரில் உலகில் நடப்பவற்றில் வானத்தில் நடப்பதை மட்டும் சொல்ல எங்களுக்கு அனுமதி உண்டு. அந்த இரண்டு நிமிட அறிக்கையை எழுதுவது என் வேலை. சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கிய காலத்தில் செய்ததைவிட இது உருப்படியான வேலை என்பதால் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம் வாங்கிய காலத்தில் நான் ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் இருந்தேன். மழை எச்சரிக்கை வரும். அதன் மேல் ஒரு முகப்புக் கடிதம் வைத்துக் கீழே உள்ளவர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு முகப்புக் கடிதம் வைத்து இன்னும் கீழே அனுப்புவார்கள். கிராமத்தை அடையும்போது கடிதங்கள் கனத்திருக்கும், மழை நின்றிருக்கும். 'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தான் தாழ்வான பகுதியில் வசிப்பதாக ஒப்புக்கொண்ட ஒரு மனிதரைக்கூட நான் சந்தித்ததில்லை. எல்லோருக்கும் அடுத்த தெருதான் தாழ்வான பகுதி.

வானொலிக்கு வந்ததும் அந்த வாக்கியத்தை முதலில் ஒழித்தேன். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. மதியம் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை வரும். அதில் முன்னறிவிப்பு என்ன சொல்கிறதோ அதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. 'பெய்யலாம்' என்றிருந்தால் 'பெய்யும்' ஆகாது. ஆனால் அந்தச் சொல் கேட்பவருக்கு என்ன ஆகும் என்பது என் பொறுப்பு. கனமழை என்றால் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டரிலிருந்து பதினொன்றரை வரை. சென்டிமீட்டரில் மழையை யாரும் நனைந்து பார்த்ததில்லை. எனவே, 'வாசலில் நேர்ச்சுவர் உள்ள ஒரு பாத்திரத்தை வைத்தால் ஒரு நாளில் நாலு விரலிலிருந்து அரைச் சாண் வரை நிற்கிற மழை' என்று எழுதுவேன். காற்று மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் என்றால், 'வளர்ந்த கரும்பு சாயும், வாழைக்கு முட்டுக் கொடுங்கள்'. ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்பதை எடுத்துவிட்டு, 'இன்று காய வைத்தால் சோளம் காயாது'. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இப்போதே செய். இந்த மூன்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி நடைமுறை. அதுவும் என் கைவண்ணம்தான். நான் வந்து சேர்ந்தபோது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் முழங்கால் வலியை வைத்துப் புயல் அறிவித்திருக்கிறார். நான் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஒரு நடைமுறை எழுதினேன். அறிக்கைக்கு மூலம் வேண்டும். பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். ஒப்புதலான அறிக்கையைப் புதிய தகவல் இல்லாமல் திருத்தக் கூடாது. நிலையத்தின் பொறுப்பாளர், முன்பு கல்லூரியில் பாடம் நடத்தியவர், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். மாட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அறிக்கையை வாசிப்பவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பக்கத்துக் கிராமம். பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடித்தவர். குரல் நல்ல குரல். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவருடைய ஊர்ப்பேச்சு கதவுக்கு வெளியே செருப்போடு நின்றுகொள்ளும். உள்ளே அச்சடித்தது போன்ற தமிழ் வரும். அவருடைய அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். அந்த மாதம் ஓடைக்கு அக்கரையில் ஒரு பெரிய கரும்புத் தோட்டத்தில் சோகை என்கிற காய்ந்த தோகையை உரிக்கப் போய்க்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு பெண்கள். காலையில் தோட்டக்காரரின் டிராக்டர் வந்து ஏற்றிப்போகும், பிற்பகலில் வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடும். வழியில் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம். பாலம் என்பது மரியாதைக்கு. ஓடைத் தரையில் படுக்க வைத்த சிமென்ட் சாலை, அடியில் நாலு குழாய். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிராக்டர் தோட்டத்து ஓரமாக வந்து நிற்கும். அதில் பாட்டுப்பெட்டி உண்டு. மகள் வாசிக்கும் நேரத்திலும் போய்வரும் வழியிலும் எங்கள் வானொலியைத்தான் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு. ஓட்டுநருக்கு அதில் வருத்தம். அவருக்குப் பென்டிரைவ் பாட்டுத்தான் பிடிக்கும்.

ஆடி முடிந்து வெயிலும் புழுக்கமுமாக இருந்த ஒரு நாள். அறிக்கை வந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கனமழை பெய்யலாம். மஞ்சள். இதெல்லாம் எனக்குக் கை பழகிய மழை. எழுதிக் கொடுத்தேன். பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் வாசித்தார்.

'இடி கேட்டால் மரத்தடியில் நிற்க வேண்டாம். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மருந்து தெளிப்பதை நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். சாலையில் காயும் மக்காச்சோளத்தை அள்ளி மூடிவையுங்கள். மழை பெய்தால் தரைப்பாலத்தைக் கடக்காதீர்கள்.'

ஒரு குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் இல்லை, தாழ்வான பகுதி இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிலையத்து மொட்டை மாடியில் காயப்போட்ட திரைத்துணிகளை எடுக்கப் போன அந்தப் பெண் வேகமாக இறங்கி வந்தார்.

"சார், மலையக் காணம்."

போய்ப் பார்த்தேன். எங்கள் மாடியிலிருந்து கல்வராயன் மலை மேற்கே நீளமாகக் கிடக்கும். அன்று அந்த இடத்தில் மலை இல்லை. கருத்த ஒரு சுவர் இருந்தது. எங்கள் பக்கம் வெயிலில் கண் கூசியது. கொடியில் துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"எங்கம்மா அந்தாண்ட இருக்குது சார். இன்னும் செத்த நேரத்துல வேல வுட்டுருவாங்க."

"ஃபோன் பண்ணும்மா."

ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார். அவருக்கு அது பழக்கம். எனவே எல்லாம் என் காதில் விழுந்தது.

"யம்மா, எங்க கீற?"

"தோட்டத்துலதான். இன்னாடி?"

"மலைமேல மழ ஊத்துது. ஓடையில தண்ணி வரும். டிராக்டர் வந்தா ஏறாத. பாலத்துல எறங்காத."

"இங்க வெயிலு மண்டயப் பொளக்குது. மழயாம் மழ."

"இங்க இல்லம்மா, மலைல."

"நீதான ரேடியோவுல சொன்ன? மழ பேஞ்சா தாண்டக் கூடாதுன்னு. நல்லா காது குடுத்துதான் கேட்டுக்கினு இருந்தேன். இங்க ஒரு சொட்டு பேயல. அப்ப தாண்டலாம்."

"யம்மா, நான் இப்ப சொல்றன் இல்ல?"

"நீ சொல்லுவ. சின்ன வயசுலேர்ந்து நீ சொல்லிக்கினுதான் கீற. ரேடியோவுல வந்தத நாங்க பன்னெண்டு பேரும் கேட்டோம். இப்ப எம்பொண்ணு வேற மாரி சொல்றான்னு நான் போய்ச் சொன்னா, இவளுங்க சிரிப்பாளுங்க. அப்புறம் அந்த டிரைவரு பேசற பேச்ச யாரு கேக்கறது?"

தொடர்பு அறுந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேசை மேல் கிடந்த என் காகிதத்தைப் பார்த்தேன்.

அம்மா சொன்னதில் ஒரு தவறும் இல்லை. என் வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து மதித்து நடக்கிற ஒருவரை முப்பது வருடப் பணியில் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டார். கிடைத்தவரை அந்த வாக்கியம் நேராக ஓடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. மழை ஓர் இடத்தில் பெய்யும், தண்ணீர் இன்னோர் இடத்தில் வரும் என்பது மலையடியில் இருக்கிற எவருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் வானொலி 'மழை பெய்தால்' என்று ஒரு நிபந்தனை போட்ட பிறகு, தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் வானம் அந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை.

பொறுப்பாளரிடம் போனோம். அடுத்த அறையில் கணினியில் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அறிக்கையைத் திருத்தணும். உடனே சொல்லணும்" என்றேன்.

"புதுத் தகவல் வந்திருக்கா சார்?"

"இல்லை. முன்னறிவிப்பு அப்படியேதான் இருக்கு. நம்ம அறிவுரையில ஒரு வரி தப்பா நிக்குது."

"ஒப்புதலான அறிக்கையைப் புதிய தகவல் இல்லாம..." என்று சுவர்ப்பக்கம் கையைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் என் நான்கு பக்கம் பளபளத்தது. "நீங்க எழுதினதுதானே சார்."

நான் எழுதியதுதான். உட்பிரிவு எண் உட்பட எனக்கு மனப்பாடம். எனவே அதிலேயே வழி தேடினேன். பழக்க தோஷம். "உள்ளூர் நேரடித் தகவல், பெயர் தெரிந்த ஒருவர் உறுதிசெய்தால், புதிய தகவலாகக் கொள்ளலாம். மூணாம் பக்கம், கீழே" என்றேன்.

"யார் உறுதி செய்றது?"

அந்தப் பெண் அதற்குள் மலைமேல் வெள்ளிமலைச் சாலையில் ஜீப் ஓட்டும் தன் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுவிட்டார். ஜீப்பின் தகரத்தில் மழை அறைகிற சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "வண்டிய ஓரங்கட்டிட்டு ஒக்காந்துகினு கீறன். முன்னாடி கண்ணாடில ஒண்ணும் தெர்ல. ரோட்டு மேல செம்மண் தண்ணியா ஓடுது. இன்னா வேணும் ஒனக்கு?"

அதே நேரம் என் கைபேசியிலும் ஒரு செய்தி வந்தது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான குறுகிய கால அறிவிப்பு. எங்கள் மாவட்டமும் பட்டியலில் இருந்தது. ஆனால் அதில் ஓரிரு இடங்களில் 'மிதமான மழை' என்றுதான் இருந்தது.

"பாருங்க, மிதமான மழைதான்" என்றார் பொறுப்பாளர், சற்று நிம்மதியாக. "மதியம் கனமழைன்னு சொன்னோம். இப்ப மிதம்னு வந்திருக்கு. குறைஞ்சிருக்கு. இதுல நாம பாலத்தை மூடச் சொன்னா, பயமுறுத்தினோம்னு பேரு வரும்."

"மிதமான மழைங்கிறது அது ஒரு இடத்துல எவ்வளவு விழும்ங்கிற கணக்கு. மலைச்சரிவு முழுக்க மிதமா விழுந்து, எல்லாம் ஒரே ஓடைக்கு வந்தா, அந்த ஓடைக்கு அது மிதமா இருக்காது. எவ்வளவு பெய்யும்ங்கிறது ஆய்வு மையத்து வேலை, அதை நான் தொடமாட்டேன். பெஞ்ச தண்ணி நம்ம ஊர்ல எந்தப் பக்கம் வரும்ங்கிறதை நாமதான் சொல்லணும்."

அவர் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. கையெழுத்துப் போடும் எவருக்கும் வரும் தயக்கம்தான். அந்தத் தயக்கத்தில் நான் பாதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துக் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கோபம் வந்தது.

"சார், எங்கம்மா டிராக்டர் ஏறிடும் சார்" என்றார் அந்தப் பெண். குரல் உயரவில்லை.

பொறுப்பாளர் பேனாவை எடுத்தார். "எழுதுங்க. போடறேன்."

நின்றுகொண்டே எழுதினேன். முதல் வரியை ஊர்ப்பேச்சில் தொடங்கினேன். மக்கள் மொழியில் சொன்னால்தான் மனதில் பதியும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலோ கேட்டது. அந்தப் பெண் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்டி வாணாம் சார். எங்க பேச்சுல படிச்சா, எங்கம்மா நான் பேசறன்னு நெனச்சுக்கும். என் பேச்சதான் அது கேக்கமாட்டேங்குதே. ரேடியோ பேச்சுலயே எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். 'மழை பெய்தால்' என்பது கைப்பழக்கத்தில் மறுபடி வந்து நின்றது. அதையும் அடித்தேன். ஆறே வரி.

நேயர் விருப்பத்தை நடுவில் நிறுத்திவிட்டு அவர் வாசித்தார். நான் வெளியறையில் நின்று எங்கள் பழைய ரேடியோப் பெட்டியில் கேட்டேன்.

'இது ஒரு முக்கிய அறிவிப்பு. கல்வராயன் மலையில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது. மலையடி ஊர்களில் வெயில் அடித்தாலும் ஓடைகளில் திடீரென்று தண்ணீர் வரும். தரைப்பாலம் இப்போது காய்ந்து கிடந்தாலும் அதில் இறங்காதீர்கள். நடந்தும் போகாதீர்கள், வண்டியிலும் போகாதீர்கள். ஓடையை விட்டுத் தள்ளி மேட்டில் நில்லுங்கள்.'

இரண்டு முறை வாசித்தார். பாட்டு மீண்டும் தொடங்கியது. பிறகு எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்ல ஒன்றுமில்லை. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தேன், தாகம் இல்லாமலே. அந்தப் பெண் அம்மாவுக்குப் போட்ட அழைப்பு எடுக்கப்படவில்லை. டிராக்டர் சத்தத்தில் கேட்காது என்றார் பொறுப்பாளர். அது ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். டிராக்டர் ஓடுகிறது என்றால் எதை நோக்கி ஓடுகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் கண்களைப் பார்த்ததும் தோன்றியது. எழுந்து போய் விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

கடைசியில் அம்மாவே கூப்பிட்டார்.

"அடியே, தண்ணி வந்துட்ச்சிடி!"

"எங்கம்மா கீற நீ?"

"மேட்டுலதான். ரேடியோவுலதான் நிக்கச் சொல்லிட்டாங்களே. இந்த டிரைவரு நான் ஓட்டிருவேன், நான் ஓட்டிருவேன்னு குதிச்சான். ரேடியோ சொல்லுது, நீ யாருடா அதுக்கு மேலன்னு கேட்டேன். எல்லாரும் வண்டிய வுட்டு எறங்கிட்டோம். கொஞ்ச நேரத்துல பாரு, டீத்தண்ணி கலர்ல, மரமும் மட்டையுமா உருண்டுகினு வருது. பாலம் எங்க கீதுன்னே தெர்ல."

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தார். பொறுப்பாளர், தேதியே போடாமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, அதில் நேரம் குறித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நியாயமாக இங்கே முடிந்திருக்க வேண்டும்.

பொழுது சாயத் தொடங்கியபோது மறுபடி அழைப்பு. இந்த முறை அம்மாவின் குரலில் சலிப்பு.

"தண்ணி வடிஞ்சிகினு கீது. முழங்கா அளவு இருக்கும். ரேடியோவுல ஒண்ணுமே சொல்லல. நிக்கச் சொல்லிச்சு, நின்னுகினே கீறோம். எப்ப போவணும்னு சொல்ல வாணாமா? இவளுங்களுக்கு வூட்டுல கொழந்தைங்க கீது. எல்லாரும் என்னத்தான் திட்டறாளுங்க. டிரைவரு, முழங்கா அளவுதான், டிராக்டரு போவும்ன்றான்."

"யம்மா, சுத்திப் போங்க. பெரிய பாலம் வழியா..."

"அத ரேடியோவுல சொல்லச் சொல்லு. உன் பேச்சக் கேட்டு அவன் டீசல் செலவு பண்ணுவானா?"

நில்லுங்கள் என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு எச்சரிக்கை எப்போது தொடங்குகிறது என்று எழுதுவோம். எப்போது முடிகிறது என்று எழுதும் துணிச்சல் அலுவலகத்தில் யாருக்கும் வராது. 'போகலாம்' என்று எழுதி ஒருவர் போய் ஏதாவது ஆனால் கேள்வி வரும். 'நில்' என்று எழுதி ஊரே விடிய விடிய நின்றால் கேள்வி வராது. நான் இத்தனை காலம் எழுதிய எச்சரிக்கைகள் எல்லாம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கின்றன. யாரும் அவற்றைத் திரும்பப் பெறவில்லை. இங்கே பன்னிரண்டு பெண்கள் என் வரியின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பொறுமை தீரும்போது, முழங்கால் அளவுத் தண்ணீரில் டிராக்டர் இறங்கும். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சிமென்ட் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது.

எழுதினேன். பொறுப்பாளர் சுவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் உள்ளே போகும் முன் ஒன்று நினைவுக்கு வந்தது. "வண்டியில இப்ப ரேடியோ வெச்சிருக்காங்களா, கேளும்மா."

கேட்டார். இல்லை. ஓட்டுநர் கோபத்தில் பென்டிரைவைச் செருகிவிட்டார். பன்னிரண்டு பெண்களின் புலம்பலுக்கு நடுவே ஏதோ குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருப்பது எங்களுக்கே கேட்டது.

"யம்மா, ஃபோன வெச்சிடாத. ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருக்கும் நடுவுல புடி. ரேடியோ வரும்" என்று சொல்லிவிட்டு, கைபேசியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். ஒலிபரப்பு அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் ரேடியோப் பெட்டியின் முன்னால் குனிந்து, கைபேசியை அதன் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் நான் அனுப்பிய எந்த எச்சரிக்கையும் இவ்வளவு நேராகப் போனதில்லை.

'தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்வரை, அது கணுக்கால் அளவே இருந்தாலும் இறங்காதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் இருட்டில் கடக்காதீர்கள். அடியில் சாலை அரித்திருக்கலாம். அக்கரையில் காத்திருப்பவர்கள் இனிக் காத்திருக்க வேண்டாம். நெடுஞ்சாலைப் பெரிய பாலம் வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போங்கள். நாளைக் காலை வெளிச்சத்தில், பாலத்தின் தளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, தண்ணீர் அதற்கு அடியில் ஓடினால் மட்டும் அந்த வழியைப் பயன்படுத்துங்கள்.'

கைபேசியில் ஒரே நேரத்தில் பல குரல்கள்.

"கேட்டியாடா? சுத்திப் போவச் சொல்லுது."

"சுத்தினா எவ்ளோ தூரம் தெரிமா? டீசலு யாரு ஊத்தறது? ரேடியோவா வந்து ஊத்தும்?"

"உங்க மொதலாளிகிட்ட சொல்லு, ரேடியோ சொல்லிச்சுன்னு. ஏறுங்கடி எல்லாரும்."

"அக்கா, நீயும் உன் ரேடியோவும்..." என்று ஓட்டுநர் முனகுவது கேட்டது. ஆனால் குத்துப்பாட்டு நின்றது. இயந்திரம் உறுமி, சத்தம் திசை மாறியது.

"ஹலோ" என்றார் அம்மா. "பாப்பா, கேக்குதா?"

"அவங்க உள்ள இருக்காங்கம்மா" என்றேன். "நீங்க கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டோம். நீங்க யாருங்க?"

"நான் இங்க அறிக்கை எழுதறவன்."

"எத எழுதறவரு?"

"உங்க பொண்ணு படிக்கிறாங்களே, அதை."

"ஓ," என்றார், நம்பிக்கை இல்லாமல். "அது எழுதி வெச்சுதான் படிக்கிதா? நான் அதுவே சொல்லுதுன்னு நெனச்சுகினு கீறன்."

"சொல்றது அவங்கதாம்மா."

"அதான பாத்தேன். செரி, வெக்கறன். ரொம்ப ஆட்டுது."

நேரம் கழித்து, பெரிய பாலம் தாண்டிவிட்டதாக ஒரு அழைப்பும், வீடு வந்து சேர்ந்துவிட்டதாக இன்னொரு அழைப்பும் வந்தன. இரண்டாவதில் திட்டு அதிகம். அடுப்பு பற்ற வைக்கவில்லை, ஆட்டைக் கட்டவில்லை, இவ்வளவு நேரம் ரேடியோக்காரர்களுக்கு என்ன வேலை என்று. அந்தப் பெண் எல்லாவற்றையும் சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப்போனார்.

எங்கள் பக்கம் அன்று ஒரு சொட்டு மழை இல்லை. மறுநாள் காலை டீக்கடையில் கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா சார், நேத்து நேயர் விருப்பத்த நிறுத்திட்டு மழ மழன்னு கத்துனீங்க, காத்துகூட வர்ல" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆமாம், வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்னேன். குடிக்க உட்கார முடியவில்லை. மதிய அறிக்கை வர இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் நின்றபடியே பாதியைக் குடித்துவிட்டு, தரைப்பாலத்தின் தளம் தெரிகிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட ஓடைப்பக்கம் நடந்தேன்.